கிரிப்டோ முதலீட்டு மோசடி: புகார் கொடுப்பதும் பணத்தின் தடத்தைப் பிடிப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு டிரேடிங் தளத்தில் பணம் போட்டேன். இப்போது எடுக்க விடமாட்டேன் என்கிறார்கள். முதலில் என்ன செய்வது?

இனி ஒரு காசுகூட அனுப்பாதீர்கள். லாபத்துக்கு வரி கட்டு, சரிபார்ப்புக் கட்டணம் கட்டு, முடங்கிய கணக்கைத் திறக்க முன்பணம் கட்டு என்று வரிசையாகக் கேட்பார்கள். கிரிப்டோவை வாங்கி விற்க உதவும் உண்மையான எக்ஸ்சேஞ்ச் தன் கட்டணத்தை உங்கள் இருப்பிலிருந்தே கழித்துக்கொள்ளும். வெளியிலிருந்து கொண்டுவந்து கட்டச் சொல்லாது. எடுப்பதற்காகக் கட்டச் சொன்னாலே அது மோசடி என்று முடிவு செய்துவிடலாம்.

அடுத்தது, அவர்களோடு சண்டைக்குப் போகாதீர்கள். போலீசுக்குப் போகிறேன் என்று மிரட்டினால் முதலில் காணாமல் போவது உங்களிடம் இருக்கும் ஆதாரம்தான். டெலிகிராமில் எதிராளி நினைத்தால் உங்கள் போனில் இருக்கும் உரையாடலையும் சேர்த்து அழித்துவிட முடியும். அதனால் ஒன்றும் தெரியாதவர் போலவே இருந்துகொண்டு உரையாடல் முழுவதையும் ஏற்றுமதி செய்து வேறிடத்தில் சேமியுங்கள். தளத்தின் முகவரியையும், உங்கள் கணக்குப் பக்கத்தையும், பணம் போடச் சொன்ன பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள்.

பிறகு மூன்று இடங்களுக்குத் தகவல் போக வேண்டும். வங்கியிலிருந்து பணம் போய்ச் சில மணி நேரம்தான் ஆகிறது என்றால் முதலில் வங்கி. நீங்கள் கிரிப்டோ வாங்கி அனுப்பிய எக்ஸ்சேஞ்ச் இரண்டாவது. போலீஸ் மூன்றாவது. மூன்றையும் அன்றைக்கே செய்யுங்கள். இந்தியாவில் 1930 என்ற எண்ணும் cybercrime.gov.in தளமும் இதற்கென்றே இருக்கின்றன. மலேசியாவில் 997, அமெரிக்காவில் ic3.gov. மற்ற நாடுகளில் போலீசின் சைபர் குற்றப் பிரிவு. புகார் எண் கிடைத்ததும் அதைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் எக்ஸ்சேஞ்சோடு பேசும்போது அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

என் கணக்கில் லாபத்தோடு பணம் இன்னும் தெரிகிறது. முன்பு ஒருமுறை கொஞ்சம் எடுக்கவும் விட்டார்கள். அப்படியிருக்க இது எப்படி மோசடியாகும்?

திரையில் தெரியும் எண்ணை நம்ப வேண்டியதில்லை, கிரிப்டோ பரிமாற்றங்கள் பதிவாகும் பொதுப் பதிவேடான பிளாக்செயினில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பணம் போடச் சொல்லி அவர்கள் கொடுத்த வாலட் முகவரியை எடுத்துக்கொள்ளுங்கள். அது T என்று தொடங்கி 34 எழுத்துகள் இருந்தால் டிரான் நெட்வொர்க். அதை tronscan.org தளத்தில் தேடுங்கள். 0x என்று தொடங்கினால் எத்தீரியம் அல்லது அதைப் போன்ற நெட்வொர்க். எத்தீரியத்துக்கு etherscan.io. நீங்கள் அனுப்பிய பணம் வந்து சேர்ந்ததும், சிறிது நேரத்தில் மொத்தமாக வேறொரு முகவரிக்குப் போனதும் அங்கே தெரியும்.

இது மட்டுமே மோசடியை உறுதி செய்துவிடாது. நல்ல எக்ஸ்சேஞ்சும் வாடிக்கையாளர் போட்ட பணத்தைத் தன் பொது வாலட்டுக்கு மாற்றத்தான் செய்யும். வேறுபாடு அடுத்த அடியில் தெரியும். நல்ல எக்ஸ்சேஞ்சில் பணம் வழக்கமாக அதன் பெரிய வாலட்டுக்குப் போகும், பெரும்பாலும் அந்த வாலட்டுக்கு நிறுவனத்தின் பெயரும் போட்டிருக்கும். மோசடித் தளத்தின் பணம் பெயரில்லாத முகவரிகள் வழியே துண்டு துண்டாகப் பிரிந்து, கடைசியில் வேறு யாரோ நடத்தும் எக்ஸ்சேஞ்சுக்குள் நுழையும். உங்கள் பணத்தை வைத்து வர்த்தகம் நடத்துவதாகச் சொல்பவர் அதை எதற்கு வேறொரு எக்ஸ்சேஞ்சில் கொண்டுபோய் மாற்ற வேண்டும்?

ஆரம்பத்தில் எடுக்க விட்டது நம்ப வைப்பதற்காக. அந்தப் பணம் அநேகமாக இன்னொரு பாதிக்கப்பட்டவருடையது. ஆனாலும் அந்தச் சிறு தொகை விசாரணைக்கு மிகவும் உதவும், பலரும் அதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் அனுப்பிய பணம் போனது அவர்களின் வசூல் வாலட்டுக்கு. உங்களுக்குத் திரும்ப வந்தது அவர்களின் செலவு வாலட்டிலிருந்து. வசூல் முகவரியை ஆளுக்கொன்றாக மாற்றுவார்கள். செலவு வாலட்டை அவ்வளவு அடிக்கடி மாற்றுவதில்லை. அதனால் உங்களுக்குத் திரும்ப வந்தது டாலர் மதிப்புள்ள நாணயமான யூஎஸ்டிடியில் வெறும் பத்துதான் என்றாலும் அதன் விவரத்தையும் புகாரில் கட்டாயம் சேருங்கள்.

எல்லாவற்றுக்கும் ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. அது போதாதா?

போதாது. ஸ்கிரீன்ஷாட் உங்கள் கதையை நிரூபிக்கும், ஆனால் அதை வைத்துப் பணத்தைத் தேட முடியாது. தேடலுக்கு வேண்டியது ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் உரிய அடையாள எண். திரையில் TXID அல்லது Transaction Hash என்று இருக்கும், 64 எழுத்துகள் கொண்டது. எத்தீரியத்தில் அதற்கு முன்னால் 0x சேரும். நீங்கள் பணம் அனுப்பிய எக்ஸ்சேஞ்சில் வித்டிராயல் வரலாற்றைத் திறந்து, ஒவ்வொரு வரியையும் தொட்டால் இது கிடைக்கும்.

படத்தில் இருக்கும் 64 எழுத்தைப் பார்த்து ஒருவர் கையால் தட்டச்சு செய்தால் ஓரெழுத்தாவது பிழைபோகும், தேடல் அத்தோடு நின்றுவிடும். நகலெடுத்து ஒட்டிய எழுத்தாகவே கொடுங்கள். ஒரு பரிமாற்றத்துக்கு ஒரு வரி, இந்த வரிசையில்:

```
தேதி, நேரம், நேர மண்டலம்
நாணயம், நெட்வொர்க்
தொகை
அனுப்பிய இடம்
பெற்ற முகவரி
TXID
```

நேர மண்டலத்தைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. பிளாக்செயினைத் தேடிப் பார்க்கும் எக்ஸ்புளோரர் தளங்கள் பல நேரம் உலகப் பொது நேரத்தைக் காட்டும், உங்கள் வங்கிச் செய்தி உள்ளூர் நேரத்தைக் காட்டும். மணிக்கணக்கில் இரண்டும் விலகி நிற்கும்போது, இரண்டும் ஒரே பரிமாற்றமா என்ற சந்தேகம் வந்துவிடும். தொகையிலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. நீங்கள் 8,000 எடுக்கச் சொல்லியிருப்பீர்கள், எக்ஸ்சேஞ்ச் ஒரு யூஎஸ்டிடியைக் கட்டணமாகக் கழித்திருந்தால் பிளாக்செயினில் 7,999 என்றுதான் இருக்கும். இரண்டு எண்ணையும் எழுதுங்கள்.

சிலருக்கு TXID கிடைக்கவே கிடைக்காது. ஒரே எக்ஸ்சேஞ்சுக்குள் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு அனுப்பியிருந்தால் அது பிளாக்செயினில் பதிவாவதில்லை. அந்த நிறுவனத்தின் கணக்கேட்டில் மட்டும்தான் இருக்கும். ஆர்டர் எண்ணையும் எதிராளியின் பயனர் எண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையில் இது நல்ல செய்தி. பெற்றவர் யார் என்று ஒரே நிறுவனத்திடம் கேட்டால் போதும்.

கிரிப்டோவை இன்னொரு தனிநபரிடம் வங்கிப் பரிமாற்றம் மூலம் வாங்கியிருந்தால் அந்த வங்கிக் குறிப்பு எண்ணையும் சேருங்கள். ஆனால் விற்றவரையே மோசடிக்காரர் என்று எழுதிவிடாதீர்கள். அவர் உண்மையாக விற்றவராக இருக்கலாம். நடந்ததை நடந்தபடி எழுதினால் விசாரிப்பவர் முடிவு செய்துகொள்வார்.

வாலட்டையே திறந்துவிடும் சாவியான சீட் சொற்களை மட்டும் யாருக்கும் தராதீர்கள். தடம் பிடிக்க அவை தேவையில்லை. விசாரணை அதிகாரி என்று சொல்லிக்கொண்டு கேட்டாலும் கூடாது.

பிளாக்செயினில் எல்லாம் வெளிப்படை என்கிறார்கள். பிறகு ஏன் ஆளைப் பிடிக்க முடியவில்லை?

பிளாக்செயின் பணம் போன வழியைக் காட்டும், ஆளின் பெயரைக் காட்டாது. பெயர் இருக்கும் இடம் எக்ஸ்சேஞ்ச். அங்கேதான் அடையாள ஆவணம் கொடுத்துக் கணக்குத் தொடங்க வேண்டும், அங்கேதான் கிரிப்டோ சாதாரணப் பணமாக மாறும். ஆகவே தடம் பிடிப்பது என்றால் பணம் ஏதாவது ஓர் எக்ஸ்சேஞ்சின் வாசலைத் தொடும் இடத்தைக் கண்டுபிடிப்பது. ஒரு மாதிரிக் கணக்கை வைத்துச் சொல்கிறேன். எண்கள் விளக்கத்துக்காக அமைத்தவை, வழிமுறை நிஜ வழக்குகளில் நடப்பதுதான்.

ஒருவர் மூன்று தவணைகளில் 500, 3,500, 8,000 யூஎஸ்டிடி அனுப்பியிருக்கிறார், மூன்றும் டிரான் நெட்வொர்க்கில் ஒரே முகவரிக்கு. அதை ‘அ’ என்போம். கடைசித் தவணையைப் பின்தொடர்கிறோம். ‘அ’வுக்கு வந்த 7,999 நாற்பது நிமிடத்தில் மொத்தமாக ‘ஆ’வுக்குப் போகிறது. ‘ஆ’வைத் திறந்து பார்த்தால் ‘அ’வைப் போன்ற டஜன் கணக்கான முகவரிகளிலிருந்து அதற்குப் பணம் வந்திருக்கிறது. ஒவ்வொரு முகவரியும் ஒரு பாதிக்கப்பட்டவர். ஆக இது திரட்டும் வாலட். அன்று மாலையே ‘ஆ’விலிருந்து 61,400 யூஎஸ்டிடி ‘இ’க்குப் போகிறது. ‘இ’ அதை இரண்டாகப் பிரிக்கிறது. 40,000 ‘ஈ’க்கு, 21,400 ‘உ’வுக்கு.

இப்போது ‘ஈ’யைக் கவனியுங்கள். பணம் வந்த சில நிமிடங்களில் அது முழுவதும் ஒரு பெரிய எக்ஸ்சேஞ்சின் பெயர் போட்ட வாலட்டுக்குப் போய்விடுகிறது. பழைய வரலாற்றைப் பார்த்தாலும் அப்படித்தான். ‘ஈ’க்கு எங்கிருந்து எது வந்தாலும் போவது அந்த ஒரே வாலட்டுக்கு. இப்படி நடந்துகொள்ளும் முகவரி ஏறத்தாழ எப்போதும் டெபாசிட் முகவரிதான், அதாவது அந்த எக்ஸ்சேஞ்ச் தன் வாடிக்கையாளர் ஒருவருக்கு மட்டும் ஒதுக்கிக் கொடுத்தது. போலீஸ் கேட்க வேண்டிய கேள்வி இப்போது மிகச் சிறியதாகிவிட்டது: ‘ஈ’ என்ற முகவரி உங்களின் எந்த வாடிக்கையாளருடையது?

‘உ’வில் 21,400 அப்படியே கிடக்கிறது, இன்னும் நகரவில்லை. அது எக்ஸ்சேஞ்ச் இல்லை, யாரோ ஒருவரின் தனி வாலட். அதற்குக் கேட்க வேண்டியது பெயரை அல்ல, முடக்கத்தை.

மூன்றாவது வாசல் ஒன்றும் உண்டு. டிரான் நெட்வொர்க்கில் யூஎஸ்டிடியை நகர்த்த வேண்டுமானால் கட்டணத்துக்குப் பொதுவாக டிஆர்எக்ஸ் நாணயம் கொஞ்சம் வேண்டும். ‘அ’ புதிதாக உருவான முகவரி, அதில் டிஆர்எக்ஸ் கிடையாது. யாரோ போட்டிருக்க வேண்டும். வரலாற்றில் தேடினால் ‘ஊ’ என்ற முகவரி ‘அ’வுக்கு மட்டுமல்ல, அதைப் போன்ற இன்னும் பல வசூல் முகவரிகளுக்கும் சிறிது சிறிதாக டிஆர்எக்ஸ் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த ‘ஊ’வுக்கு டிஆர்எக்ஸ் வந்தது ஓர் எக்ஸ்சேஞ்ச் கணக்கிலிருந்து. திருடிய பணத்தைப் பல கை மாற்றி மறைப்பவர்கள் கட்டணப் பணத்தில் அந்தக் கவனத்தைக் காட்டுவதில்லை. என் பார்வையில் இந்தச் சில்லறைப் பணத்தின் தடம்தான் பல வழக்குகளில் பெரும்பணத்தின் தடத்தைவிடச் சுத்தமானது.

‘ஈ’யின் உரிமையாளர் என்று எக்ஸ்சேஞ்ச் தரும் பெயர் வாடகைக்கு எடுத்த ஆளின் பெயராக இருக்கலாம். சிறு தொகைக்குத் தன் அடையாள அட்டையைக் கொடுத்தவர் அவர். அதனால்தான் அனுபவமுள்ள அதிகாரி பெயரோடு நிறுத்தாமல் உள்நுழைந்த ஐபி முகவரிகள், சாதன விவரங்கள், பணத்தை எடுத்த வங்கிக் கணக்கு, அதே சாதனத்திலிருந்து இயங்கும் வேறு கணக்குகள் ஆகியவற்றையும் சேர்த்துக் கேட்பார்.

இந்த வழியை நானே தேடிப் பார்த்துப் போலீசுக்குக் கொடுக்கலாமா?

முதல் இரண்டு மூன்று அடிகளைத் தேடிக் கொடுத்தால் நேரம் மிச்சமாகும். ஆனால் எங்கே நிற்பது என்று தெரிந்திருக்க வேண்டும். பலர் தவறுவது எக்ஸ்சேஞ்சின் பெரிய வாலட்டில்தான். பணம் அதற்குள் போனதும், அதிலிருந்து வெளியே போகும் அடுத்த பரிமாற்றத்தைப் பிடித்துக்கொண்டு தொடர்ந்து போகிறார்கள். கடலில் கலந்த ஆற்று நீரைத் தேடுவது போன்ற வேலை அது. அந்த வாலட்டில் ஆயிரக்கணக்கானவர்களின் பணம் ஒன்றாக இருக்கிறது, வெளியே போவது சம்பந்தமே இல்லாத ஒருவரின் பணம். அவரைக் குற்றவாளி என்று புகாரில் எழுதினால் அப்பாவி ஒருவர் மாட்டுவார், உங்கள் அறிக்கையின் மதிப்பும் போய்விடும். டெபாசிட் முகவரி வந்ததும் நின்றுவிடுங்கள்.

பணம் கலக்கும் சிக்கல் அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மேலே சொன்ன கணக்கில் உங்கள் 7,999 போனது 40,000 பக்கமா, 21,400 பக்கமா? யூஎஸ்டிடியில் அடையாளம் எதுவும் இல்லாததால் அதற்கு ஒரே சரியான பதில் கிடையாது. விசாரணையாளர்கள் ஒரு கணக்கு முறையை எடுத்துக்கொள்வார்கள். முதலில் வந்தது முதலில் போனது என்பது பரவலான ஒன்று. எந்த முறையானாலும் வழக்கு முழுவதும் அதையே கடைப்பிடிக்க வேண்டும். நீங்கள் இரண்டு கிளைகளையும் குறித்துக் கொடுத்தால் போதும், தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

இன்னொரு பொறி, உங்கள் சொந்த வாலட்டின் வரலாற்றிலேயே இருக்கும். நீங்கள் அனுப்பிய முகவரியைப் போலவே முதல் சில எழுத்தும் கடைசிச் சில எழுத்தும் ஒத்த ஒரு முகவரியோடு, பூஜ்யமோ மிகச் சிறியதோ ஆன தொகையில் ஒரு பரிமாற்றம் நுழைந்திருக்கும். நீங்கள் அடுத்த முறை தவறி அந்த முகவரியை நகலெடுப்பீர்கள் என்று எதிர்பார்த்து வேறொரு கூட்டம் செய்யும் வேலை அது. முகவரியின் நடு எழுத்துகளையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் பட்டியலில் சேர்த்தால் விசாரணை வேறு திசைக்குப் போய்விடும்.

யூஎஸ்டிடி என்று பெயர் வைத்த போலி டோக்கன்களும் சுற்றுகின்றன. ஒரு டோக்கனை இயக்கும் நிரலுக்கு ஒப்பந்தம் என்று பெயர். டிரானில் உண்மையான யூஎஸ்டிடியின் ஒப்பந்த முகவரி இது ஒன்றுதான்:

```
TR7NHqjeKQxGTCi8q8ZY4pL8otSzgjLj6t
```

மோசடிக்காரர் “உங்கள் பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டோம்” என்று சொல்லி, டோக்கன் வந்ததைக் காட்டினால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

எக்ஸ்சேஞ்சுக்கு நானே எழுதினால் அந்தக் கணக்கை முடக்குவார்களா?

கணக்கு யாருடையது என்று உங்களுக்குச் சொல்லவே மாட்டார்கள். அது வாடிக்கையாளரின் தனிப்பட்ட விவரம், உரிய சட்டக் கோரிக்கையோடு வரும் அதிகாரிக்குத்தான் தருவார்கள். ஆனாலும் எழுதுங்கள். TXID, டெபாசிட் முகவரி, போலீஸ் புகார் எண் மூன்றையும் சேர்த்து மோசடிப் பிரிவுக்கு அனுப்பினால், சில நிறுவனங்கள் அந்தக் கணக்கைக் கண்காணிப்பில் வைக்கும், சில சிறிது காலத்துக்குப் பணத்தை எடுக்க விடாமல் நிறுத்தியும் வைக்கும். அதற்குள் போலீசின் கடிதம் வராவிட்டால் நிறுத்தத்தை எடுத்துவிடுவார்கள். அவர்கள் பதில் வந்த அன்றே அதை விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள்.

பெரிய எக்ஸ்சேஞ்சுகள் போலீசின் கோரிக்கைகளுக்கென்று தனி இணைய வாயில் வைத்திருக்கின்றன. அதிகாரி தன் அரசு மின்னஞ்சலில் பதிவு செய்து அங்கே கோரிக்கை போட வேண்டும். பொது வாடிக்கையாளர் மின்னஞ்சலுக்கு அனுப்பிய போலீஸ் கடிதம் வாரக்கணக்கில் கிடப்பது உண்டு. உங்கள் அதிகாரிக்கு இது முதல் கிரிப்டோ வழக்கு என்றால் அந்த வாயில் இருப்பதைப் பணிவாகச் சொல்லுங்கள்.

யூஎஸ்டிடியை வெளியிடும் நிறுவனமே முடக்க முடியும் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மை. பிட்காயினை வெளியிட்டவர் என்று யாரும் இல்லை, அதனால் தனி வாலட்டில் இருக்கும் பிட்காயினை யாராலும் தொலைவிலிருந்து முடக்க முடியாது. யூஎஸ்டிடி அப்படியல்ல. அதை வெளியிடுவது டெதர் நிறுவனம். எத்தீரியத்தில் இருக்கும் அதன் ஒப்பந்தத்தில் `addBlackList` என்ற கட்டளை உண்டு. அதில் ஒரு முகவரியைச் சேர்த்துவிட்டால் அங்கிருக்கும் யூஎஸ்டிடி வெளியே போகாது. டிரானிலும் இதேபோல் முடக்க முடியும். `destroyBlackFunds` என்ற இன்னொரு கட்டளையால், முடக்கிய பணத்தை அழித்துவிட்டு, அதே அளவைப் புதிதாக வெளியிட்டு அதிகாரிகளிடம் ஒப்படைக்கலாம். இன்னொரு டாலர் நாணயமான யூஎஸ்டிசியை வெளியிடும் சர்க்கிள் நிறுவனத்துக்கும் முடக்கும் வசதி உண்டு.

2023 நவம்பரில் அமெரிக்க நீதித்துறையின் விசாரணையையொட்டி டெதர் சுமார் 22.5 கோடி டாலர் மதிப்புள்ள யூஎஸ்டிடியை முடக்கியது. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து இதே வகை முதலீட்டு மோசடியை நடத்திய கும்பலோடு தொடர்புடைய வாலட்டுகள் அவை, எக்ஸ்சேஞ்ச் அல்லாத தனி வாலட்டுகள். 2025 ஜூனில் அமெரிக்க அரசு 22.5 கோடி டாலருக்கும் அதிகமான கிரிப்டோவைப் பறிமுதல் செய்யக் கோரி நீதிமன்றத்தில் மனுச் செய்தது. பணத்தைப் பிடிப்பதற்கும் அதைப் பாதிக்கப்பட்டவர் கையில் சேர்ப்பதற்கும் நடுவில் எவ்வளவு காலம் ஓடும் என்பதற்கு இதைப் பார்க்கலாம்.

முடக்கக் கோரிக்கை போலீசிடமிருந்து போக வேண்டும். பணம் அந்த முகவரியில் இருக்கும்போதே போக வேண்டும். மேலே சொன்ன ‘உ’வில் இன்று கிடக்கும் 21,400 நாளைக்கு இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் புகாரின் முதல் பக்கத்திலேயே “இந்த முகவரியில் இந்த நேரத்தில் இவ்வளவு யூஎஸ்டிடி இருக்கிறது” என்று எழுதுங்கள். பத்துப் பக்கக் கதையின் நடுவில் அந்த வரி புதைந்துபோனால் யாரும் பார்க்கமாட்டார்கள்.

நான் யாருக்கும் அனுப்பவே இல்லை. ஒரு தளத்தில் வாலட்டை இணைத்தேன், பணம் தானாகப் போய்விட்டது. இதைப் புகாரில் எப்படிச் சொல்வது?

இணைத்தபோது நீங்கள் ஒப்புதல் ஒன்றில் கையெழுத்திட்டிருப்பீர்கள். உங்கள் யூஎஸ்டிடியை வேறொரு முகவரி எடுத்துக்கொள்ளலாம் என்ற அனுமதி அது. பல நேரம் வரம்பே இல்லாத அனுமதி. ஆகவே இரண்டு TXID வேண்டும்: ஒப்புதல் பதிவான `approve` பரிமாற்றம் ஒன்று, பணம் போன `transferFrom` பரிமாற்றம் இன்னொன்று. சில தளங்கள் வாங்குவது பரிமாற்றமாகப் பதிவாகாத வெறும் கையெழுத்து, அப்போது முதல் TXID தனியாக இருக்காது. பணம் போன பரிமாற்றத்தைத் தொடங்கிய முகவரி எது, பணத்தைப் பெற்ற முகவரி எது என்று தனித்தனியாக எழுதுங்கள். பெரும்பாலும் இரண்டும் வேறு வேறாக இருக்கும்.

அந்த அனுமதி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். அதே வாலட்டில் நாளைக்குப் பணம் வந்தாலும் எடுத்துவிடுவார்கள். மீதி இருப்பதைப் புதிய வாலட்டுக்கு மாற்றுங்கள், பழைய ஒப்புதலை ரத்து செய்யுங்கள்.

நிலையத்தில் சொன்னால் கிரிப்டோ எங்களுக்குப் புரியாது என்கிறார்கள். என்ன செய்ய?

கேட்பவருக்குப் புரியும் வடிவில் ஒரே பக்கத்தில் கொடுங்கள். எப்படி அறிமுகமானார்கள் என்று நாலு வரி, மொத்த இழப்பு, பரிமாற்ற அட்டவணை, பணம் இப்போது எந்த எக்ஸ்சேஞ்சில் அல்லது எந்த வாலட்டில் இருப்பதாகத் தெரிகிறது, யாரிடம் என்ன கேட்க வேண்டும். கடைசி இரண்டும் இருந்தால் அதிகாரிக்குச் செய்ய வேண்டியது கண்ணுக்குத் தெரிந்துவிடும். முழு உரையாடலும் ஸ்கிரீன்ஷாட்டுகளும் இணைப்பாகப் போகட்டும். அட்டவணையை அச்சாகவும் கோப்பாகவும் இரண்டு விதத்திலும் கொடுங்கள். அச்சில் இருக்கும் TXID-ஐ நகலெடுக்க முடியாது.

வெட்கப்பட்டு எதையும் விட்டுவிடாதீர்கள். காதல் பேச்சில் தொடங்கியது என்றாலும், கடன் வாங்கிப் போட்டது என்றாலும், நண்பரையும் சேர்த்துவிட்டது என்றாலும் சொல்லுங்கள். அறிமுகமான விதத்தை வைத்துத்தான் ஒரே கும்பலின் புகார்களைச் சேர்க்கிறார்கள். மறைத்தது பின்னால் தெரிய வந்தால் மற்றதையும் சந்தேகிப்பார்கள்.

நடந்து பல மாதம் ஆகிவிட்டது. இனிமேல் புகார் கொடுத்து என்ன பயன்?

முடக்கும் வாய்ப்பு குறைந்திருக்கும், ஆளை அடையாளம் காணும் வாய்ப்பு அந்த அளவுக்குக் குறைவதில்லை. பிளாக்செயின் பதிவு அழியாது, எக்ஸ்சேஞ்சுகளும் வாடிக்கையாளர் பதிவுகளைச் சட்டப்படி சில ஆண்டுகள் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. உங்கள் ‘அ’ முகவரி போய்ச் சேர்ந்த ‘ஆ’வில் ஏற்கெனவே இன்னொருவரின் வழக்கு நடந்துகொண்டிருக்கலாம். அப்படி இருந்து, நாளைக்கு அந்தக் கும்பலின் பணம் பிடிபட்டால், பங்கு கேட்கும் உரிமை பதிவான புகாரும் TXID-யும் உள்ளவருக்கு எளிதாக நிரூபணமாகும். புகாரே கொடுக்காதவரின் பணம் அந்தக் குவியலில் இருந்தாலும் யாருக்கும் தெரியாது.

முழுத் தொகையும் திரும்பும் என்று மட்டும் நம்பி இருக்காதீர்கள். பலருக்கு ஒன்றும் திரும்புவதில்லை, திரும்பும் சிலருக்கும் ஒரு பகுதிதான் கிடைக்கிறது. பணம் கலக்கும் சேவைக்குள் போய்விட்டாலோ, ஒத்துழைக்காத எக்ஸ்சேஞ்சில் மாற்றப்பட்டுவிட்டாலோ நல்ல விசாரணையும் அங்கே தட்டி நிற்கும்.

பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று ஒருவர் தொடர்புகொண்டிருக்கிறார். என் இழப்பின் சரியான தொகைகூட அவருக்குத் தெரிகிறது. நம்பலாமா?

தொகை தெரிந்திருப்பதாலேயே நம்பக்கூடாது. அது தெரிந்தவர்கள் நீங்கள், போலீஸ், உங்களை ஏமாற்றியவர்கள். பாதிக்கப்பட்டவர்களின் பட்டியலை அந்தக் கும்பல்கள் விற்கின்றன, சில நேரம் அவர்களே வழக்கறிஞர், ஹேக்கர், அரசு அதிகாரி என்று வேறு வேடத்தில் வருகிறார்கள். பிளாக்செயினில் உறுதியான பரிமாற்றத்தை எந்த ஹேக்கராலும் திருப்ப முடியாது. பணம் திரும்ப வருவதற்கு இருக்கும் வழிகள் எக்ஸ்சேஞ்ச் முடக்குவது, வெளியிட்ட நிறுவனம் முடக்குவது, சாதனத்தையும் சாவியையும் போலீஸ் கைப்பற்றுவது. மூன்றிலும் அதிகாரிகளின் கை வேண்டும், எதற்கும் உங்களிடம் முன்பணம் கேட்பதில்லை.

தடம் பிடித்து அறிக்கை தரும் உண்மையான தனியார் நிறுவனங்கள் உண்டு. அவர்கள் விற்பது அறிக்கை, மீட்பை அல்ல. அந்த அறிக்கையும் போலீஸ் எடுத்து நடத்தினால்தான் பயன்படும். ஆகவே ஒருவரை அமர்த்தும் முன் உங்கள் விசாரணை அதிகாரியிடம், அதை ஏற்பாரா என்று கேளுங்கள். மீட்பு என்று சொல்லி அழைத்தவரின் எண், அவர் கொடுத்த வாலட் முகவரி, அனுப்பிய ஆவணங்கள் எல்லாவற்றையும் அதே புகாரில் சேருங்கள். அவர் கொடுத்த வாலட்டுக்குக் கட்டணப் பணம் ‘ஊ’விலிருந்து வந்திருக்கிறதா என்று விசாரிப்பவர் பார்த்துக்கொள்வார்.